ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ கடலை?

காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு செக்கு, நாலைந்து ஆட்கள், வாசலில் ஒரு விற்பனை அறை. அவர்கள் அடித்த நோட்டீஸில் இப்படி இருக்கிறது: “தமிழகத்தின் நம்பர் 1 மரச்செக்கு எண்ணெய்! 100% சுத்தமானது! பாரம்பரிய முறையில் தயாரானது! இதயத்துக்கு இதமானது! மிகச் சிறந்த தரம், மிகக் குறைந்த விலை!” மேலே ஒரு காளை செக்கு இழுக்கும் படம். இந்த நோட்டீஸைப் படித்த யாருக்கும் அந்த எண்ணெயைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. பக்கத்து ஊர்ச் செக்கும் இதே வரிகளைத்தான் அச்சடித்திருக்கும்.

இதை எழுதியவர் பொய் சொல்ல வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டார். அச்சகத்தில் மாதிரி கேட்டிருப்பார், கொடுத்திருப்பார்கள். இந்த ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு, நிரூபிக்க முடியாத வரிகளை நீக்கிவிட்டு அந்தச் செக்கால் நேர்மையாகச் சொல்லக்கூடியது என்ன என்று பார்ப்போம். எண்ணெய்க்குச் செய்வதை இட்லி மாவுக்கும், டியூஷன் சென்டருக்கும், டூவீலர் பட்டறைக்கும் செய்யலாம்.

முதலில் ‘நம்பர் 1’. விளம்பர வார்த்தைகளில் சட்டத்திடம் எளிதாக மாட்டிக்கொள்வது இதுதான். ‘சிறந்தது’ என்பது பெரும்பாலும் விற்பவரின் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளப்படும். 1999-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ராபின் ப்ளூவுக்கும் உஜாலாவுக்கும் இடையே ஒரு வழக்கு நடந்தது. வியாபாரி தன் சரக்கே உலகில் சிறந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அடுத்தவர் சரக்கு மட்டம் என்று சொல்லக் கூடாது என்பது அதில் எடுத்துச் சொல்லப்பட்ட கொள்கை. அது போட்டியாளர்கள் இருவருக்கு நடுவே உள்ள தகராறுக்கான அளவுகோல். வாங்குகிறவர் பக்கம் நின்று பார்க்கும் நுகர்வோர் சட்டம் வேறு கேள்வி கேட்கும். நம்பர் 1 என்றால் யாரோ எதையோ எண்ணியிருக்க வேண்டும் அல்லவா? எண்ணியது யார், எதை, எந்த ஊரில், எந்த ஆண்டில்?

இந்தக் கேள்வி பெரிய நிறுவனங்களிடமும் கேட்கப்பட்டிருக்கிறது. 2022 மார்ச்சில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சென்சோடைன் பற்பசை விளம்பரங்களுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. “உலகின் நம்பர் 1 கூச்சப் பற்பசை”, “உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது” என்ற வரிகளுக்கு ஆதாரமாக நிறுவனம் கொடுத்தவை இந்தியப் பல் மருத்துவர்களிடம் மட்டும் எடுத்த கணக்கெடுப்புகள். கணக்கெடுப்பு நடந்த இடம் ஒன்று, விளம்பரம் உரிமை கொண்டாடிய இடம் இன்னொன்று. ஆதாரமே இல்லாமல் பேசுவது ஒரு வகைத் தவறு. இருக்கிற ஆதாரத்தைவிடப் பெரிதாகப் பேசுவது இன்னொரு வகை. நம் ஊர்க் கடைகளில் இரண்டாவதுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

காங்கேயம் செக்குக்கு அந்த அளவு ஆதாரம்கூடக் கிடைக்காது. தமிழ்நாட்டு மரச்செக்குகளை விற்பனை வாரியாக வரிசைப்படுத்திய பட்டியல் எதையும் அவர்களால் காட்ட முடியாது. ஆகவே அந்த வரியைத் திருத்திப் பயனில்லை, எடுத்துவிட வேண்டியதுதான். “மாவட்டத்தின் நம்பர் 1” என்று சுருக்கினாலும் கேள்வி அப்படியே நிற்கும். ‘முதல் செக்கு’, ‘ஒரே செக்கு’ என்பவையும் இதே குடும்பம். ஊரில் நமக்கு முன்னால் யாரும் செக்கு ஓட்டவில்லை என்று யாரால் காட்ட முடியும்? உணவு உரிமம் வாங்கிய தேதி கையில் இருக்கிறது. “2016 முதல் இதே இடத்தில்” என்று எழுதலாம். உரிமத்தின் நகலைச் சுவரில் மாட்டினால் யாரும் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது ‘100% சுத்தமானது’. இதற்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் கொடுக்க வேண்டும். ஏனென்றால் எண்ணெய் வாங்குகிறவரின் உண்மையான பயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உணவுப் பொருள் விளம்பரங்களுக்கான 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ‘சுத்தமான’ என்ற சொல் வேறெதுவும் சேர்க்காத ஒற்றைப் பொருளுக்கு உரியது. தவிர்க்கக்கூடிய மாசு எதுவும் அதில் இருக்கக் கூடாது. ‘100%’ என்ற எண்ணையோ லேபிளிலும் விளம்பரத்திலும் போட வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் அறிவுறுத்தியது. சட்டத்தில் அதற்குப் பொருள் வரையறுக்கப்படவில்லை. வாங்குகிறவருக்கு அது தவறான நம்பிக்கையைத் தரும்.

கடலை எண்ணெயில் தவிர்க்கக்கூடிய மாசு என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது பூஞ்சணம். ஈரத்தில் கிடந்த நிலக்கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். பெரிய ஆலைகளில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அது பெருமளவு நீங்கிவிடும். மரச்செக்கு எண்ணெய்க்கு அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. துணியில் வடிகட்டினால் கசண்டு போகும், நச்சு போகாது. ஆகவே சுத்தம் என்பது செக்கில் ஏற்றுவதற்கு முன்பே முடிவாகிற விஷயம். பருப்பைக் காயவைத்தார்களா, சொத்தையும் கறுத்ததும் சுருங்கியதும் பொறுக்கி எடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

அந்தச் செக்கில் பொறுக்குவதற்கென்றே இரண்டு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள் என்றால், நோட்டீஸில் வர வேண்டிய வரி அதுதான்: “ஆட்டுவதற்கு முன் பருப்பைக் கையால் பொறுக்கி, பூஞ்சணம் பிடித்ததை நீக்குகிறோம்.” இதற்கு ஆதாரம் கூலி நோட்டு. ஒரு மாதிரியை அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி அஃப்ளடாக்சின் அளவு பார்த்திருந்தால் அதையும் சொல்லலாம். ஆனால் ஒரு மாதிரியின் அறிக்கை அந்த ஆட்டலுக்கு மட்டுமே பேசும். மார்ச்சில் சோதித்ததை வைத்துக்கொண்டு நவம்பர் பாட்டிலில் “பரிசோதிக்கப்பட்டது” என்று போட்டால், தாள் உண்மையாக இருந்தும் வரி பொய்யாகிவிடும். “மார்ச் 2025-இல் எடுத்த மாதிரியில் அளவு வரம்புக்குள் இருந்தது, அறிக்கை கடையில் இருக்கிறது” என்று தேதியோடு எழுதினால் சரி.

நல்லெண்ணெயில் ஒரு சிக்கல் உண்டு. எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது நம் வழக்கம். பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடும். என்றாலும் சேர்த்தது சேர்த்ததுதான். அதன்மேல் ‘சுத்தமான’ என்று ஒட்டுவதற்குப் பதிலாக “கருப்பட்டி சேர்த்து ஆட்டியது” என்று எழுதினால் விதியும் மீறப்படாது, விவரமும் போய்ச்சேரும். நல்லெண்ணெய் தேடி வருகிறவர்களில் பலர் கேட்பதும் அதைத்தான்.

‘பாரம்பரிய முறை’ என்ற வரிக்கு வருவோம். ஒரு தயாரிப்பு முறை தலைமுறைகளாகப் பெரிதாக மாறாமல் இருந்து வந்திருந்தால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று அதே விதிமுறைகள் சொல்கின்றன. நம் செக்கில் உரலும் உலக்கையும் மரம், சுற்றுவது மோட்டார். இதில் வெட்கப்பட எதுவுமில்லை, ஊரில் இன்று ஓடும் செக்குகளில் பெரும்பாலானவை அப்படித்தான். தவறு காளைப் படத்தில் இருக்கிறது. படமும் ஒரு வாக்குமூலம்தான். வார்த்தையில் சொல்லாததைப் படத்தில் காட்டினாலும் வாங்குகிறவர் அதை நம்பித்தான் காசு கொடுக்கிறார். படத்தை எடுத்துவிட்டு “மோட்டாரில் ஓடும் வாகை மரச் செக்கு” என்று எழுதலாம், மரம் வாகையாக இருந்தால்.

இந்த இடத்தில் பலர் ‘சூடேறாமல் ஆட்டியது’ என்றும், கூடவே ஒரு டிகிரிக் கணக்கும் போடுகிறார்கள். வெளியிலிருந்து சூடு கொடுக்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் உலக்கை தேய்வதிலேயே கொஞ்சம் சூடு வரும். டிகிரி போட வேண்டுமானால் எண்ணெய் வழியும் இடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்திருக்க வேண்டும், அதுவும் எல்லாப் பருவத்திலும். மார்கழிக் காலையில் அளந்து 40 டிகிரிக்குக் கீழே என்று லேபிள் அடித்தால், கத்திரி வெயிலில் நாலாவது ஆட்டல் ஓடும்போது அந்த லேபிள் தப்பாகிவிடும். அளக்கவில்லையென்றால் “வெளிச்சூடு கொடுக்காமல் ஆட்டுகிறோம்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆதாரம் இல்லை.

‘இதயத்துக்கு இதமானது’ என்ற வரியை மாற்றி எழுத வழியில்லை. சமையல் எண்ணெய் லேபிளிலும் விளம்பரத்திலும் இந்த மாதிரிச் சொற்களை, “கொலஸ்ட்ராலை எதிர்ப்பது” போன்றவற்றையும் சேர்த்து, விதிகள் பெயர் சொல்லியே தடுக்கின்றன. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்பதும் யோசித்து எழுத வேண்டியது. தாவர எண்ணெய் எதிலும் சொல்லத்தக்க அளவு கொலஸ்ட்ரால் கிடையாது. எல்லோரிடமும் இருப்பதை நம்மிடம் மட்டும் இருப்பதுபோலச் சொல்வது, உண்மையைக் கொண்டே ஏமாற்றுவது. ‘ரசாயனம் கலக்காதது’ என்ற வரியிலும் எனக்கு இதே மனத்தாங்கல் உண்டு. அடுத்த கடைக்காரர் கலக்கிறார் என்ற சந்தேகத்தை விதைத்துத்தான் அது வேலை செய்கிறது.

இனி ‘மிகச் சிறந்த தரம், மிகக் குறைந்த விலை’. இரண்டும் ஒன்றையொன்று இடிக்கிற வரிகள் என்பது ஒரு பக்கம். குறைந்த விலை என்று அச்சடித்த நாளில் உண்மையாக இருந்தாலும், மறுநாள் எதிர்க்கடைக்காரர் ஐந்து ரூபாய் குறைத்தால் நோட்டீஸ் பொய்யாகிவிடும். விலையைத் தேதியோடு பலகையில் எழுதினால் போதும்; குறைவா கூடுதலா என்று வாங்குகிறவரே பார்த்துக்கொள்வார்.

தரத்துக்கு என்ன எழுதுவது? என் பார்வையில் ஒரு மரச்செக்கு சொல்லக்கூடிய மிக வலுவான வரி, அவர்கள் தினமும் எழுதும் நோட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டலுக்கும் எத்தனை கிலோ பருப்பு போட்டோம், எத்தனை லிட்டர் எண்ணெய் வந்தது, எவ்வளவு புண்ணாக்கு விழுந்தது என்று செக்குக்காரர்கள் பெரும்பாலும் குறித்துவைப்பார்கள். நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். மரச்செக்கு அதை முழுவதும் எடுத்துவிடாது. கொஞ்சம் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதனால்தான் ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு என்ற பேச்சு செக்குக்காரர்களிடம் உண்டு. ஆனால் ஊர்ப்பேச்சை எடுத்து லேபிளில் போடக் கூடாது, தன் நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று மாத நோட்டைக் கூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பருப்பு 6,200 கிலோ, வந்த எண்ணெய் 2,540 லிட்டர். வகுத்தால் ஒரு லிட்டருக்கு 2.44 கிலோ. இதை அப்படியே எழுதிவிடலாமா? அதற்கு முன் தனித்தனி ஆட்டல்களையும் பார்க்க வேண்டும். சில நாள் 2.3, புதுக்கடலை வந்த வாரத்தில் 2.7 என்று ஏறி இறங்கியிருக்கும். பருப்பின் ரகம், ஈரப்பதம், செக்கின் தேய்மானம் எல்லாம் இதில் தெரியும். ஆகவே “ஒவ்வொரு லிட்டரிலும் 2.44 கிலோ கடலை” என்பது பொய். “ஜனவரி முதல் மார்ச் வரை சராசரியாக லிட்டருக்கு 2.4 கிலோ பருப்பு ஆட்டினோம்” என்பது உண்மை. ஒரு தசம இலக்கத்தோடு நிறுத்தியதற்கும் காரணம் உண்டு: தராசிலும் அளவுக்குடத்திலும் அதற்கு மேல் துல்லியம் இருக்காது.

இந்த ஒரு வரி, வாங்குகிறவர் கையில் ஒரு கணக்கைக் கொடுக்கிறது. நல்ல பருப்பு அன்றைக்குக் கிலோ 130 ரூபாய் என்று இருந்தால், 2.4 கிலோவுக்கு 312 ரூபாய். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, ஆட்டுகூலி, கரண்ட், பாட்டில், வாடகை, லாபம் சேர்க்க வேண்டும். இதைப் போட்டுப் பார்த்தவருக்கு, அன்றைக்கு மரச்செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் 180 ரூபாய்க்கு எங்காவது கிடைத்தால் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். இந்தச் செக்கு யாரையும் குறை சொல்லவில்லை, தன்னைச் சிறந்தது என்றும் சொல்லவில்லை. விலை ஏன் கூடுதலாக இருக்கிறது என்பதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது.

எல்லா வரிகளையும் மாற்றிய பிறகு நோட்டீஸ் இப்படி வரும்: “2016 முதல் இதே இடத்தில். மோட்டாரில் ஓடும் வாகை மரச் செக்கு, வெளிச்சூடு கொடுப்பதில்லை. பருப்பைக் கையால் பொறுக்கி, பூஞ்சணம் பிடித்ததை நீக்கி ஆட்டுகிறோம். ஜனவரி–மார்ச் 2025 சராசரி: ஒரு லிட்டருக்கு 2.4 கிலோ பருப்பு. ஆட்டிய தேதி ஒவ்வொரு பாட்டிலிலும் உண்டு. இன்றைய விலை பலகையில். காலையில் வந்தால் ஆட்டுவதைப் பார்க்கலாம்.” கடைசி வரியைப் போட்டால் கதவைத் திறந்துதான் வைக்க வேண்டும். வருகிறவரை “இன்று முடியாது” என்று திருப்பி அனுப்பும் செக்கு அதை எழுதக் கூடாது.

பழைய வரிகளை விட மனமில்லாதவர்கள் பிடிக்கும் குறுக்குவழி நட்சத்திரக் குறி. பெரிய எழுத்தில் ‘நம்பர் 1’, மூலையில் எறும்பு அளவில் “எங்கள் உள் ஆய்வின்படி” என்று. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் இதற்கு இடம் கொடுக்கவில்லை. விளக்கக் குறிப்பு, அது விளக்கும் வரியின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். முக்கியமான தகவலை அதில் ஒளிக்கக் கூடாது. நிபந்தனையைச் சிறிதாக்கினால்தான் வரி எடுபடும் என்றால் அந்த வரியே சரியில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். சிறிய செக்குகளை ஆணையம் தேடிவராது என்று சொல்பவர்கள் உண்டு. வராமலும் போகலாம். ஒரு வாடிக்கையாளர் ‘100% சுத்தம்’ என்ற நோட்டீஸோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், ஆதாரம் காட்ட வேண்டியவர் செக்குக்காரர்.

‘பத்தாயிரம் வாடிக்கையாளர்கள்’ என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பில் எண்ணிக்கை வேறு, ஆட்களின் எண்ணிக்கை வேறு. மாதாமாதம் வருகிற ஒருவர் வருடத்தில் பன்னிரண்டு பில் ஆகிறார். “கடந்த நிதியாண்டில் 10,000 பில்கள்” என்று கணக்குப் புத்தகத்தில் இருந்தால் அப்படியே எழுதுங்கள். கூகுள் மதிப்பீட்டைப் போடுவதானால் எத்தனை பேர் போட்டது, எந்த மாதம் பார்த்தது என்பதும் வர வேண்டும். விருது வாங்கியிருந்தால் கொடுத்தது யார், எந்த ஆண்டு, எதற்காக என்று சேர்த்து எழுதுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டியவர்களுக்கெல்லாம் கிடைக்கிற விருதாக இருந்தால் அதைப் போடாமல் விடுவதே மரியாதை.

நோட்டீஸ் எழுதப்போகும் கடைக்காரருக்குச் செய்முறையாக ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, யாராவது வந்து கேட்டால் எடுத்து நீட்டப்போகும் தாளின் பெயரை எழுதுங்கள்: உரிமம், கூலி நோட்டு, ஆட்டல் நோட்டு, பரிசோதனை அறிக்கை, பில் புத்தகம். எதிரே எதுவும் எழுத முடியாத வரியை அடித்துவிடுங்கள். அந்தத் தாள்களை ஒரே கோப்பில் போட்டு, நோட்டீஸின் பிரதி ஒன்றையும் அதிலேயே வையுங்கள். பிறகு ஒரு வருடத்துக்கான லேபிளை மொத்தமாக அச்சடித்துவிடாதீர்கள். அடுத்த அறுவடைக் கடலையில் சராசரி மாறும். அப்போது லேபிளும் மாற வேண்டும்.